கூலிக்கு ஆட்டுவதா, செக்கை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? 500 லிட்டர் விற்கும் ஒரு கடலை எண்ணெய்த் தொழிலின் கணக்கு

மரச்செக்கு நிலக்கடலை எண்ணெயைச் சொந்தப் பெயரில் புட்டியில் அடைத்து விற்கும் சிறு தொழில்முனைவோர் பலரும், விற்பனை மாதம் 400, 500 லிட்டரைத் தொடும்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். "ஆட்டுக்கூலியாகவே மாதம் இருபதாயிரம் போகிறது. அந்தப் பணத்தில் தவணை கட்டினால் செக்கு நமக்கே சொந்தமாகிவிடுமே?" என்பதுதான் அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு, லாப நட்டமில்லா விற்பனை அளவு எவ்வளவு என்று மட்டும் கணக்கிட்டுப் பதில் சொன்னால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம். அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈரோட்டுப் பக்கத்தில் கணவனும் மனைவியுமாக இந்தத் தொழிலை நடத்தும் ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கூட்டிப் பார்க்க எளிதாக இருக்கும்படி எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். கடலை விலையும் புண்ணாக்கு விலையும் வாரத்துக்கு வாரம் மாறுபவை என்பதால், வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று வழிகளையும் நான்கு கேள்விகளால் அளக்கிறேன். ஒவ்வொரு லிட்டரும் நிலையான செலவைச் சுமக்க எவ்வளவு பணம் தருகிறது? எத்தனை லிட்டர் விற்றால் நட்டம் நிற்கும்? எத்தனை லிட்டருக்கு மேல் இந்த வழி மற்ற வழியைவிட அதிக லாபம் தரும்? விற்பனை கொஞ்சம் சரிந்தால் லாபம் எவ்வளவு சரியும்?

முதல் கேள்விக்கான விடையைப் பங்களிப்பு என்போம். ஒரு லிட்டரின் விற்பனை விலையிலிருந்து, அந்த லிட்டரைத் தயாரித்து விற்பதற்காக மட்டும் ஆகும் மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது அது. மாதத்தின் நிலையான செலவைப் பங்களிப்பால் வகுத்தால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

```
லாப நட்டமில்லா அளவு = நிலையான செலவு ÷ ஒரு லிட்டரின் பங்களிப்பு
```

மூன்றாவது கேள்விக்கான அளவைச் சந்திப்பு அளவு என்று அழைக்கிறேன். இரண்டு வழிகளும் ஒரே லாபம் தரும் இடம் அது. கூடுதல் நிலையான செலவை, லிட்டருக்குக் கிடைக்கும் கூடுதல் பங்களிப்பால் வகுத்தால் அது வரும்.

நான்காவது கேள்விதான் ஆடிட்டர்கள் ஆப்பரேட்டிங் லீவரேஜ் என்று சொல்லும் நெம்புகோல் விளைவு. நீளமான கடப்பாரையின் ஒரு முனையைச் சற்று அசைத்தால் மறுமுனையில் பெரிய கல் புரளுவதைப்போல, நிலையான செலவு மிகுந்த தொழிலில் விற்பனை சற்று அசைந்தாலும் லாபம் பெரிதாக அசையும். மொத்தப் பங்களிப்பை லாபத்தால் வகுத்தால் அதன் அளவு தெரியும். அந்த எண் 3 என்றால், விற்பனை 10 சதவீதம் குறையும்போது லாபம் 30 சதவீதம் குறையும். கூடும்போதும் அதே வேகத்தில் கூடும்.

## மூன்று வழிகளுக்கும் பொதுவான கணக்கு

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். கிலோ 96 ரூபாய் என்றால் 240 ரூபாய். ஆட்டியபின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு மிஞ்சுகிறது; மாட்டுத்தீவனத்துக்குக் கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். ஆக, கடலையின் நிகரச் செலவு 180 ரூபாய். புட்டி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி சேர்ந்து 16 ரூபாய், வண்டிச் செலவு 9 ரூபாய். மொத்தம் 205 ரூபாய். கடைக்காரர் கழிவு போக இவர்கள் கைக்கு வருவது லிட்டருக்கு 300 ரூபாய். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு இன்னும் தேவைப்படவில்லை.

எந்த வழியில் போனாலும் மாதாமாதம் நிற்கும் செலவும் உண்டு. சரக்கறை வாடகை 3,000, புட்டியில் அடைக்க வரும் பெண்ணின் சம்பளம் 6,500, போன், கணக்கு எழுதுதல் போன்றவை 1,500 என 11,000 ரூபாய்.

இதற்கு மேல் ஆட்டுவதற்கு ஆகும் செலவில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

| | கூலிக்கு ஆட்டுதல் | செக்கை வாடகைக்கு எடுத்தல் | சொந்தச் செக்கு |
|---|---|---|---|
| லிட்டருக்கு ஆட்டும் செலவு | ரூ.40 | ரூ.20 | ரூ.10 |
| லிட்டருக்குப் பங்களிப்பு | ரூ.55 | ரூ.75 | ரூ.85 |
| மாத நிலையான செலவு | ரூ.11,000 | ரூ.21,000 | ரூ.35,000 |
| லாப நட்டமில்லா அளவு | 200 லிட்டர் | 280 லிட்டர் | 412 லிட்டர் |
| மாதம் அதிகபட்ச உற்பத்தி | ஆலை தரும் நேரத்தைப் பொறுத்தது | 540 லிட்டர் | 900 லிட்டர் |
| 500 லிட்டரில் லாபம் | ரூ.16,500 | ரூ.16,500 | ரூ.7,500 |
| 500 லிட்டரில் நெம்புகோல் விளைவு | 1.7 | 2.3 | 5.7 |
| விற்பனை 450 ஆனால் லாபம் | ரூ.13,750 | ரூ.12,750 | ரூ.3,250 |

கடைசி வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெறும் 50 லிட்டர் குறைந்ததில் கூலிக்கு ஆட்டுபவர் தம் லாபத்தில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறார். சொந்தச் செக்கு வைத்திருப்பவர் பாதிக்கும் மேல் இழக்கிறார். எண்ணெயும் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். செலவு எந்த வடிவத்தில் நிற்கிறது என்பது மட்டுமே வேறு.

## கூலிக்கு ஆட்டுதல்

கடலையை நாமே வாங்கி ஆலைக்குக் கொண்டுபோய், கிலோவுக்கு 16 ரூபாய் கூலி கொடுத்து, எண்ணெயும் புண்ணாக்குமாகத் திரும்ப எடுத்து வருவது இந்த வழி. செலவு முழுவதும் விற்பனையோடு ஏறி இறங்குவதால் 200 லிட்டரிலேயே நட்டம் நின்றுவிடுகிறது. மழை மாதத்தில் விற்பனை படுத்தாலும் தூக்கம் கெடாது.

ஆனால் இந்த வழியின் மறைவான செலவு கூலியில் இல்லை, புண்ணாக்கில் இருக்கிறது. ஆலைக்காரர் அவசரத்தில் கொஞ்சம் முன்கூட்டியே செக்கை நிறுத்திவிட்டால், எண்ணெயின் ஒரு பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 2.5 கிலோ என்பது 2.6 கிலோவாக மாறினால் யாரும் கவனிப்பதில்லை. அந்த நூறு கிராம் கடலைக்கு 9 ரூபாய் 60 காசு, அதை ஆட்டிய கூலி 1 ரூபாய் 60 காசு. கூடுதல் புண்ணாக்கில் திரும்பி வருவது மூன்றரை ரூபாய் அளவுதான். ஆக லிட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. 55 ரூபாயாக இருந்த பங்களிப்பு 47 ரூபாய்க்கு வந்துவிடும். 500 லிட்டர் விற்பவருக்கு மாதம் 3,800 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது.

இந்தக் குடும்பத்தில் அந்த அம்மா இதைத் தாமே கண்டுபிடித்தார். ஒரு நாள் ஆலையிலிருந்து வந்த புண்ணாக்குத் துண்டு ஒன்றை மடித்த செய்தித்தாளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எழுத்துகள் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தாளில் எண்ணெய் ஊறியது. வீட்டில் வைத்திருந்த முந்தைய மாதத் துண்டில் அப்படி ஊறவில்லை. அதற்குப் பிறகு கொண்டுபோன கடலை, திரும்பி வந்த எண்ணெய், புண்ணாக்கு மூன்றையும் ஒவ்வொரு முறையும் எடைபோட்டு நோட்டில் எழுதத் தொடங்கினார். 15 கிலோ போட்டால் 6 லிட்டர் எண்ணெயும் 9 கிலோ புண்ணாக்கும் வர வேண்டும். புண்ணாக்கு ஒன்பதரைக் கிலோவைத் தாண்டினால், மறுபடி ஒருமுறை ஆட்டச் சொல்லிக் கேட்க அவர் தயங்குவதில்லை. கடலை ஈரமாக இருந்தாலும் எடை மாறும் என்பதால், குறை யாருடையது என்று தீர்மானிக்கும் முன் பருப்பைக் கடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கூலியே வேண்டாம், புண்ணாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் ஆலைகள் உண்டு. கையிலிருந்து காசு போகாததால் அது இலவசம்போலத் தோன்றுகிறது. ஆனால் லிட்டருக்கு 40 ரூபாய் கூலியை மிச்சப்படுத்த 60 ரூபாய்ப் புண்ணாக்கை விட்டுக்கொடுக்கிறோம். பங்களிப்பு 35 ரூபாயாகி, லாப நட்டமில்லா அளவு 200லிருந்து 315 லிட்டருக்கு ஏறிவிடும்.

மாத விற்பனை 500 லிட்டருக்குள் இருப்பவர்களுக்கும், விற்பனை மாதத்துக்கு மாதம் பெரிதாக ஏறி இறங்குபவர்களுக்கும், கையிலுள்ள பணத்தை அறுவடைக் காலத்தில் கடலை வாங்கி வைக்கத் தேவைப்படுபவர்களுக்கும் இந்த வழியே சிறந்தது.

## செக்கை வாடகைக்கு எடுத்தல்

வேலை குறைந்த ஆலைக்காரரிடம் மாதத்தில் 15 நாள் செக்கை நமக்கென ஒதுக்கச் சொல்லி, அதற்கு மாதம் 10,000 ரூபாய் கொடுப்பது இந்த வழி. மின்சாரத்துக்கு லிட்டருக்கு 5 ரூபாயும், ஆட்டும் ஆளுக்கு ஒரு தடவைக்கு 90 ரூபாய் வீதம் லிட்டருக்கு 15 ரூபாயும் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு 6 லிட்டர் என்று வைத்தால் 15 நாளில் 540 லிட்டர் வரும்.

கூலிக்கு ஆட்டுவதோடு இது சந்திக்கும் அளவு 500 லிட்டர்: கூடுதலாகக் கொடுக்கும் 10,000 ரூபாயை, லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 20 ரூபாயால் வகுத்தால் அதுதான் வருகிறது. உச்சவரம்போ 540. ஆகவே லாபக் கணக்கில் மட்டும் பார்த்தால் இந்த வழி முந்தும் இடம் மிகக் குறுகலானது. விற்பனை அதற்கு மேல் போகும் மாதத்தில் மிச்சத்தைக் கூலிக்கு ஆட்டிக்கொள்ளலாம்.

இருந்தும் இந்த வழியை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. செக்கு நம் பொறுப்பில் இருக்கும்போது எவ்வளவு எண்ணெய் எடுக்க முடிகிறது, ஒரு நாளில் உண்மையில் எத்தனை தடவை ஆட்ட முடிகிறது, ஆள் வராத நாள்கள் எத்தனை என்பதெல்லாம் கடன் வாங்காமலே தெரிந்துவிடும். தாளில் ஆறு தடவை என்று எழுதுவது எளிது. செக்கைச் சுத்தம் செய்வது, மின்தடை, எள் ஆட்டியபின் உரலைத் துடைத்து மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் ஐந்துக்கு இறங்கிவிடும். ஐந்து தடவை என்றால் 540 லிட்டர் 450 ஆகிவிடும். இந்த உண்மையை மூன்று மாத வாடகையில் தெரிந்துகொள்வது, மூன்றாண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டபின் தெரிந்துகொள்வதைவிட மலிவு.

இங்கே மறைவான செலவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாம் ஆட்டாத மாதத்திலும் வாடகை உண்டா, நமக்குரிய நாளில் செக்கு பழுதானால் நாள் ஈடுசெய்யப்படுமா, உலக்கை தேய்ந்தால் யார் மாற்றுவது என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளாவிட்டால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்தான் சிக்கல் வெளியே வரும்.

## சொந்தச் செக்கு

செக்கு, மோட்டார், வயரிங், வடிகட்டும் சாதனம், எண்ணெய் தெளியவைக்கும் தொட்டி எல்லாம் சேர்ந்து 2,88,000 ரூபாய் என்று இவர்களுக்கு விலைப்பட்டியல் வந்திருந்தது. ஆறு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் தேய்மானம் மாதம் 4,000. கடன் 2,20,000 ரூபாய். 11 சதவீத வட்டியில் தொடக்க மாதங்களில் வட்டி மட்டும் ஏறத்தாழ 2,000. இடம் பெரிதாக வேண்டியிருப்பதால் வாடகை 3,000க்குப் பதில் 6,000. செக்கு ஆட்டும் ஆளுக்குச் சம்பளம் 14,000. காப்பீட்டுக்கும், செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின் இணைப்புக்குக் கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்துக்கும் 1,000. பொதுச் செலவில் மீதியையும் சேர்த்தால் 35,000 ரூபாய். மாறும் செலவாக மின்சாரத்துக்கு 5 ரூபாயும், உரல், உலக்கைத் தேய்மானத்துக்கு 5 ரூபாயும் போகும்.

இப்போது இந்தக் குடும்பத்தின் கணவர் என்னிடம் கேட்டதற்கு வருவோம். "412 லிட்டர் விற்றால் நட்டமில்லை, நான் 500 விற்கிறேன். பிறகென்ன தயக்கம்?" என்றார். 412 என்ற எண் சரியானதுதான். ஆனால் அது சொந்தச் செக்கு தன் செலவைத் தானே தாங்கும் இடத்தை மட்டும் காட்டுகிறது. செக்கு இல்லாமலே அதே 500 லிட்டரில் அவருக்கு 16,500 ரூபாய் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டாது. அதற்குச் சந்திப்பு அளவைப் பார்க்க வேண்டும். கூடுதல் நிலையான செலவு 24,000. கூடுதல் பங்களிப்பு லிட்டருக்கு 30 ரூபாய். வகுத்தால் 800 லிட்டர். அதாவது மாதம் 800 லிட்டர் விற்கும்வரை கூலிக்கு ஆட்டுவதே அதிக லாபம்.

இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது அடுத்த எண். ஒரு செக்கு, ஒரு ஆள், மாதம் 25 நாள் என்றால் 900 லிட்டர்தான் உச்சம். 900 லிட்டரையும் ஆட்டி விற்றுவிட்டால் சொந்தச் செக்கில் லாபம் 41,500. கூலிக்கு ஆட்டினால் 38,500. முழுத்திறனில் இரவு பகல் கவலைப்பட்டு ஓட்டிக் கிடைக்கும் கூடுதல் 3,000 ரூபாய். விற்பனை 500லேயே நின்றுவிட்டால் இழப்பது 9,000 ரூபாய். நெம்புகோல் மேலே தூக்கும் என்று நம்பித்தான் செக்கு வாங்குகிறோம். ஆனால் மேலே 900 லிட்டரில் கூரை தட்டிவிடுகிறது, கீழே இறங்குவதற்கு மட்டும் தடையே இல்லை. பாடப்புத்தகத்து வரைபடத்தில் இரண்டு கோடுகளும் முடிவில்லாமல் மேலேறும். ஆட்டும் நேரம் அப்படி ஏறாது.

800 லிட்டரைத் தொட்டவுடன் மாறிவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த அளவில் இரண்டு வழிகளிலும் லாபம் 33,000தான். விற்பனை 10 சதவீதம் சரிந்தால் கூலி வழியில் 28,600 மிஞ்சும். சொந்தச் செக்கில் 26,200. ஒரே லாபத்துக்கு அதிக ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்வதில் பொருளில்லை.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, தவணையின் அசல். லாபக் கணக்கில் வட்டியும் தேய்மானமும் மட்டுமே வரும்; வங்கியோ மூன்றாண்டுக் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 7,200 ரூபாய் எடுத்துக்கொள்ளும். தேய்மானத்தையும் வட்டியையும் நீக்கி, தவணையைச் சேர்த்துப் பார்த்தால் கையிலிருந்து நிச்சயமாகப் போகும் தொகை 36,200. அதை ஈடுகட்ட 426 லிட்டர் விற்க வேண்டும். ஏட்டில் நட்டமில்லாத மாதத்திலும் கையில் காசில்லாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, வீட்டு உழைப்பு. "ஆள் எதற்கு, நானே ஆட்டிக்கொள்கிறேன்" என்று 14,000 ரூபாயைக் கழித்துவிட்டால் நிலையான செலவு 21,000 ஆகிறது. லாப நட்டமில்லா அளவு 248, சந்திப்பு அளவு 334. எண்கள் திடீரென்று அழகாகிவிடுகின்றன. ஆனால் நாள் முழுவதும் செக்கடியில் நிற்பவர் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்க முடியாது. இந்தக் குடும்பத்தில் விற்பனை முழுவதும் கணவர் கடை கடையாக ஏறி இறங்குவதில்தான் நின்றது. வேறு வேலையில்லாத ஒருவர் வீட்டில் உண்மையாகவே இருந்தால் மட்டும் இந்தக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வரி. மாதம் 900 லிட்டரும் அதன் புண்ணாக்கும் விற்றால் ஆண்டுக்கு 39 லட்சத்தை ஒட்டிவிடும். செக்கை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயத்தில் விற்பனையைத் தள்ளும்போது 40 லட்சத்தைத் தாண்டினால் எண்ணெய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி வரும். கடை விலையை ஏற்ற முடியாவிட்டால் லிட்டருக்கு 14 ரூபாய் நம் பங்களிப்பிலிருந்தே போகும். வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியின் வரவு அதில் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தரும்.

சொந்தச் செக்கு சிறந்த முடிவாகும் சூழல்களும் உண்மையாகவே உண்டு. நமக்கு வேண்டாத நேரத்தில் ஊராரின் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது அவற்றில் முதன்மையானது. கிலோவுக்கு 16 ரூபாய் கூலியில் மின்சாரமும் தேய்மானமுமாக 4 ரூபாய் போக, 15 கிலோ கொண்ட ஒரு தடவைக்கு 180 ரூபாய் மிஞ்சும். நாம் 500 லிட்டர் ஆட்டும் மாதத்தில் 60 தடவைக்கு மேல் செக்கு சும்மா இருக்கும். அதில் 50 தடவை வெளியாருக்கு ஆட்டினால் 9,000 ரூபாய் வரும். கூலி வழியோடு இருந்த இடைவெளி சரியாக அடைபட்டுவிடும். ஆகவே சுற்றுவட்டாரத்தில் கடலை, எள், கொப்பரை கொண்டுவருவோர் இருந்து, பக்கத்தில் வேறு செக்கு இல்லாத ஊரில் கணக்கே வேறு. இரண்டாவது சூழல், விற்பனை 1,300 லிட்டரைத் தாண்டி நிலைத்துவிட்டால் வருவது. இரண்டாவது ஷிப்டுக்கு இன்னொரு ஆள் போட்டாலும் செக்கு, கட்டடம், கடன் எதுவும் கூடுவதில்லை. 49,000 ரூபாய் நிலையான செலவில், சந்திப்பு அளவு 1,270 லிட்டரை ஒட்டி வருகிறது, உச்சம் 1,800. அப்போதுதான் நெம்புகோலுக்கு மேலே தூக்க இடம் கிடைக்கிறது. மூன்றாவது, பக்கத்து ஆலைகளின் தரத்தை நம்பவே முடியாத ஊர். எண்ணெய் எடுப்பு 2.6 கிலோவிலேயே நிற்கிறது என்று நோட்டு காட்டினால், சந்திப்பு அளவு 800லிருந்து 640 லிட்டரை ஒட்டி இறங்கிவிடும்.

## கடலை விலை ஏறினால்

விலை ஏற்றத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், கூலி வழி எல்லா ஆபத்துக்கும் கவசம் என்று நினைப்பவர்கள் இருப்பதுதான். கடலை கிலோவுக்கு 8 ரூபாய் ஏறி 104 ஆனால், லிட்டருக்கு 20 ரூபாய் கூடுகிறது. விற்பனை விலையை உடனே ஏற்ற முடியாத மாதத்தில் பங்களிப்பு கூலி வழியில் 55லிருந்து 35க்கும், சொந்தச் செக்கில் 85லிருந்து 65க்கும் இறங்கும்.

| | கூலிக்கு | வாடகைக்கு | சொந்தம் |
|---|---|---|---|
| புதிய லாப நட்டமில்லா அளவு | 315 லிட்டர் | 382 லிட்டர் | 539 லிட்டர் |
| 500 லிட்டரில் லாபம் | ரூ.6,500 | ரூ.6,500 | நட்டம் ரூ.2,500 |

சதவீதத்தில் பார்த்தால் கூலி வழியின் லாப நட்டமில்லா அளவுதான் அதிகம் துள்ளியிருக்கிறது. மெல்லிய பங்களிப்பை வைத்திருப்பவரை விலையேற்றம் கூடுதலாக உறுத்தும். விற்பனை அளவு சரியும் ஆபத்தில் நிலையான செலவு மிகுந்தவரும், மூலப்பொருள் விலை ஏறும் ஆபத்தில் பங்களிப்பு மெலிந்தவரும் அடிபடுகிறார்கள். ஆனால் சந்திப்பு அளவாகிய 800 லிட்டர் நகரவில்லை. மூன்று வழிகளிலும் ஒரே அளவு கடலை போவதால், விலையேற்றம் எல்லாரிடமும் லிட்டருக்கு ஒரே 20 ரூபாயைத்தான் எடுக்கிறது. எனவே "கடலை விலை ஏறிவிட்டது, சொந்தமாக ஆட்டினால்தான் கட்டும்" என்ற பேச்சுக்குக் கணக்கில் ஆதாரமில்லை. கூலி ஏறினால் மட்டும்தான் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு.

## எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது

சராசரி விற்பனையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவேன். இவர்களுடைய பன்னிரண்டு மாத நோட்டைப் புரட்டியபோது சராசரி 500ஆக இருந்தாலும், மிகக் குறைந்த மாதம் 410, மிக அதிகமான மாதம் 640 லிட்டர். அந்த 410 லிட்டர் மாதத்தில் கூலி வழியில் 11,550 ரூபாய் லாபம், வாடகை வழியில் 9,750. சொந்தச் செக்கில் 150 ரூபாய் நட்டம், அதற்கு மேல் தவணையின் அசலும் கையிலிருந்து போக வேண்டும். 640 லிட்டர் மாதத்தில் கூலி வழி 24,200 தரும். சொந்தச் செக்கு 19,400தான் தரும். ஆண்டின் மோசமான மாதத்திலும் முந்தவில்லை, மிகச் சிறந்த மாதத்திலும் முந்தவில்லை.

நோட்டை மூடிவைத்துவிட்டு அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊர்க்காரங்க கடலையை ஆட்டிக் கொடுத்தா சமமாகும்னு சொன்னீங்களே, 50 தடவை வருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" அதற்கு அவர்களே வழி கண்டார்கள். வாடகைச் செக்கை மூன்று மாதம் எடுத்து, தங்களுக்குரிய நாள்களில் வெளியார் கடலையையும் ஆட்டிக் கொடுக்க ஆலைக்காரரிடம் ஒப்புதல் வாங்கினார்கள். முதல் மாதம் 11 தடவை, இரண்டாம் மாதம் 14, மூன்றாம் மாதம் 13. விலைப்பட்டியலை மடித்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டு, அவர்கள் மறுபடி கூலிக்கு ஆட்டத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த பணத்தில் அந்த அறுவடைக்குப் பத்து மூட்டை கடலை கூடுதலாக வாங்கி வைத்தார்கள்.